‘திரும்பப் பெறப்படமாட்டாது’: அந்த முத்திரை எதுவரை செல்லும்?

ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக் கடைக்குப் போய் வந்தவர்களின் பையில் ஒரு பில் இருக்கும். அதன் அடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். சில கடைகளில் அதையே ரப்பர் ஸ்டாம்பாகக் குத்தித் தருவார்கள். கைப்பேசியில் பொருள் வாங்கும் காலத்தில் அதே வரி, விலைக்குக் கீழே சிறிய சாம்பல் எழுத்தில், ‘நான்-ரிட்டர்னபிள்’ என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த பொருள் பழுதாக இருந்தாலும், அந்த வரியைப் படித்துத்தானே வாங்கினோம் என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இழப்பு அங்கேதான் நேர்கிறது. அந்த வரிக்கு உண்மையில் உள்ள பலம், வாங்கியவர் நினைப்பதைவிட மிகவும் குறைவு.

இரண்டு கேள்விகள் இங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பொருள் நன்றாக இருக்கிறது, ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை, அல்லது வாங்கிய பிறகு மனம் மாறிவிட்டது என்பது ஒன்று. வந்த பொருளே சொன்னபடி இல்லை, வேலை செய்யவில்லை, கிழிந்திருக்கிறது என்பது மற்றொன்று. முதலாவதில் வாங்கியவரின் விருப்பம் மாறியிருக்கிறது. இரண்டாவதில் விற்றவர் கொடுத்த வாக்கு தவறியிருக்கிறது. ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற முத்திரை முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. இரண்டாவது கேள்வியை அது தொடுவதே இல்லை.

இந்தியாவில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது இன்னும் முக்கியம். கடையிலோ இணையத்திலோ வழக்கமான முறையில் வாங்கிய நல்ல பொருளை, பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்பிக் கொடுக்கும் பொதுவான உரிமையை இந்தியச் சட்டம் தரவில்லை. ஏழு நாள், பத்து நாள் என்று இணையத் தளங்கள் தரும் ‘ரிட்டர்ன்’ வசதி பெரும்பாலும் அவர்களே வணிகத்துக்காகக் கொடுக்கும் சலுகை. சலுகையைக் கொடுத்தவர் சில பொருள்களுக்கு அது இல்லை என்று சொல்லலாம், அதில் தவறில்லை. ‘நான்-ரிட்டர்னபிள்’ என்பது அந்தச் சலுகையை எடுத்துவிட்டோம் என்ற அறிவிப்பு. பழுதான பொருளுக்கான உரிமை சலுகையாக வந்ததல்ல, சட்டத்திலிருந்து வந்தது. கடைக்காரர் கொடுக்காத ஒன்றைக் கடைக்காரரால் எடுக்கவும் முடியாது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. சுகாதாரக் காரணத்தால் உறையிட்டு வரும் பொருள்களுக்கு உறை பிரிந்த பிறகு அந்த உரிமை இல்லை. ஜெர்மனியில் ஒருவர் இணையத்தில் ஒரு மெத்தை வாங்கி, அதன் பாதுகாப்பு உறையைக் கிழித்துவிட்டுப் பிறகு திருப்பித் தர விரும்பினார். விற்றவர் சுகாதார விலக்கைக் காட்டி மறுத்தார். வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனது. 2019 மார்ச்சில் நீதிமன்றம், மெத்தையையும் போட்டுப் பார்த்த சட்டையைப் போலவே சுத்தம் செய்து மீண்டும் விற்க முடியும், ஆகவே விலக்கு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்த மெத்தையில் பழுது எதுவும் இல்லை என்பது கவனிக்க வேண்டியது. மனம் மாறியதற்கே அங்கே இவ்வளவு வாதம் நடந்தது. பழுதான பொருளுக்கு அங்கும் தனிச் சட்டம்தான். சுகாதார விலக்கு அந்தப் பக்கம் வருவதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ‘குறைபாடு’ என்பதற்கு அது தரும் விளக்கம் மிக அகலமானது. சட்டப்படியோ, ஒப்பந்தப்படியோ, விற்பவர் எந்த வகையிலாவது சொன்னபடியோ இருக்க வேண்டிய தரம், அளவு, வீரியம், தூய்மை ஆகியவற்றில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடுதான். ‘ஒப்பந்தப்படி’ என்பதில் வாயால் சொல்லாமலே புரிந்துகொள்ளப்படும் ஒப்பந்தமும் சேரும். பால் உறிஞ்சும் பம்ப் என்று விற்றால் அது பாலை உறிஞ்ச வேண்டும். அதை யாரும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறைகளை வரிசைப்படுத்தும் இடத்தில், பிரிவு 2(47)-இல், நேரடியாகவே ஒன்றைச் சொல்கிறது. பழுதான பொருளை விற்றபின் அதைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் குறித்த காலத்துக்குள் வாங்கியவர் கேட்டிருக்க வேண்டும். பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். ‘திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற வரி எந்தக் காலத்தையும் குறிப்பிடுவதில்லை. அப்படியானால் 30 நாள் கணக்குத்தான் பொருந்தும் என்று வாதிடலாம். உரிமையை மறுக்க அச்சிட்ட வரியால் அந்தக் காலத்தைச் சுருக்க முடியாமல் போகிறது.

இணையத்தில் வாங்கியவர்களுக்கு இன்னொரு பிடிமானம் உண்டு. 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகளில், தளத்தில் பொருள் விற்கும் எந்த விற்பனையாளரும் பழுதான, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது, பணத்தைத் தர மறுக்கவும் கூடாது என்று எழுதியிருக்கிறது. சொன்ன தேதியைத் தாண்டித் தாமதமாக வந்த பொருளுக்கும் அது பொருந்தும். வெள்ளம், புயல் போன்ற கைமீறிய காரணங்களால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு. இந்த விதியில் நாள் கணக்கு இல்லை. பொருளின் வகையைப் பற்றிய விலக்கும் இல்லை. உள்ளாடை, காதணி, குழந்தைப் பொருள், சவரக் கருவி என்று எதையும் அது தள்ளி வைக்கவில்லை. தானே சரக்கு வைத்து விற்கும் தளங்களுக்கும் இதே கடமை உண்டு.

பெரிய தளங்களின் சட்ட ஆலோசகர்களுக்கு இது தெரியும். பல தளங்களில் ‘நான்-ரிட்டர்னபிள்’ என்ற சொல்லை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். சுகாதாரக் காரணத்தால் இப்பொருள் திரும்பப் பெறப்படாது என்ற வாக்கியத்துக்கு அடுத்தே, சேதமடைந்தோ பழுதாகவோ மாறியோ வந்திருந்தால் பணமோ மாற்றுப் பொருளோ தரப்படும் என்றும் இருக்கும். வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர் முதல் வாக்கியத்தை மட்டும் படிக்கிறார். வாங்கியவரும் பெரும்பாலும் அதை மட்டுமே பார்த்திருக்கிறார்.

இது எப்படி நடக்கும் என்று ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். அம்பாசமுத்திரத்தில் ஓர் இளம்பெண், பேறுகாலத்துக்கு முன்பே, 3,499 ரூபாய்க்கு மின்சார பிரெஸ்ட் பம்ப் ஒன்றை இணையத்தில் வாங்குகிறார். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்னே பொருள் வந்துவிடுகிறது. அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். குழந்தை பிறந்து இருபது நாள் கழித்து, மீண்டும் வேலைக்குப் போகும் யோசனை வந்ததும் பெட்டியைப் பிரிக்கிறார்கள். பொருள் வீட்டுக்கு வந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் இழுவிசை இல்லை.

சேவை எண்ணில் பேசுபவர் சொல்கிறார்: “மேடம், இது நான்-ரிட்டர்னபிள் ஐட்டம். ஹைஜீன் கேட்டகிரி. அதுவும் ரிட்டர்ன் டைம் முடிஞ்சு போச்சு. சீல் வேற ஓப்பன் பண்ணிட்டீங்க.”

ஒரே மூச்சில் மூன்று மறுப்புகள். மூன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: இது உண்மையிலேயே பழுதுதானா என்று உறுதி செய்வது. பிரெஸ்ட் பம்ப்பில் இழுவிசை குறைவதற்குப் பல நேரம் மோட்டார் காரணமில்லை. மார்பில் வைக்கும் புனலுக்குக் கீழே, வாத்தின் அலகு போன்ற மெல்லிய சிலிக்கோன் வால்வ் ஒன்று இருக்கும். அதன் நுனிப் பிளவு சற்றுக் கிழிந்தாலும், அது சரியாகப் பொருந்தாவிட்டாலும் காற்று கசிந்துவிடும். பால் குழாய்க்குள் ஏறாமல் தடுக்கும் வட்டத் தகடு ஈரமாக இருந்தாலோ விளிம்பில் ஒட்டாமல் நின்றாலோ அதே விளைவு. எனவே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோட்டாரோடு குழாயை மட்டும் இணைத்து, குழாயின் முனையை விரல் நுனியால் மூடிப் பார்க்க வேண்டும். விரலைப் பிடித்து இழுத்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, குறை மற்ற பாகங்களில். மோட்டார் ஓடியும் விரலில் எதுவும் தெரியவில்லை என்றால் குழாயையும் கழற்றி, மோட்டாரின் துளையிலேயே விரலை வைத்துப் பார்க்கலாம். அங்கும் இழுவை இல்லை என்றால் பழுது உள்ளேதான்.

இந்தச் சோதனையை வீடியோவாக எடுப்பது ஒரு நிமிட வேலை. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண், மோட்டாரில் உள்ள எண், விரல் சோதனை என மூன்றும் இடையில் வெட்டாத ஒரே வீடியோவில் இருக்க வேண்டும். பெட்டி பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் புகாரே ஏற்கமாட்டோம் என்று சில விற்பனையாளர்கள் எழுதி வைக்கிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை நுகர்வோர் சட்டத்தில் எங்கும் கிடையாது. ஆனாலும் ஆதாரம் வலுவாக இருந்தால் வாதம் குறையும் என்பதால் எடுத்து வைப்பது நல்லது. வால்வ்தான் கிழிந்து வந்திருக்கிறது என்று தெரிந்தாலும் அதுவும் பழுதுதான். அப்போது வால்வை மட்டும் மாற்றித் தந்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும். எதைக் கேட்பது என்பதை இந்தச் சோதனைதான் முடிவு செய்கிறது.

இனி அந்த மூன்று மறுப்புகள். முதலாவது, சுகாதாரம். ஒருவர் பயன்படுத்திய பம்ப்பை இன்னொரு தாய்க்கு விற்கக்கூடாது என்பது நியாயமான அக்கறை. இந்த வகைப் பொருள்களைத் திரும்பப் பெறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ஆனால் அந்தக் காரணம் முழுவதும் மறுவிற்பனையைப் பற்றியது. பிடிக்காமல் திரும்பி வரும் நல்ல பொருளை மறுபடி விற்க முடியாமல் போவது விற்பவருக்கு நட்டம். அதை அவர் தலையில் கட்டுவது சரியல்ல. பழுதான பொருளையோ யாரும் மறுபடி விற்கப்போவதில்லை, விற்கவும் கூடாது. ஆகவே சுகாதாரக் காரணம் பழுதான பொருளுக்கு வரும்போது தானாகவே விழுந்துவிடுகிறது. பால் மோட்டாருக்குள் போகாதபடி தடுப்பு வைத்த மூடிய அமைப்புப் பம்ப் என்றால், மோட்டாரை மட்டும் மாற்றித் தருவதில் சுகாதாரக் கேள்வி எழுவதே இல்லை.

மூன்றாவது மறுப்பை இங்கேயே முடித்துவிடலாம். உறையைப் பிரிக்காமல் மோட்டார் ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வாங்குபவருக்குப் பொருளைப் பரிசோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரை அவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்று பிரிவு 41-இல் சொல்கிறது. பிரித்ததையே குற்றமாக்கினால் அந்த வாய்ப்பு இல்லாமல் போகும்.

இரண்டாவது மறுப்புதான் உண்மையில் கவனமாகக் கையாள வேண்டியது: நாற்பது நாள் ஆகிவிட்டது. தளத்தின் ரிட்டர்ன் காலம் சலுகைக்கான காலம் என்பதால் அது போனதில் பெரிய இழப்பில்லை. ஆனால் நேர்மையற்ற வணிக நடைமுறைப் பிரிவில் உள்ள 30 நாளும் தாண்டிவிட்டது. அந்த ஒரு கதவு இவருக்கு மூடியிருக்கலாம். மற்றவை மூடவில்லை. மின்வணிக விதியில் நாள் வரம்பு இல்லை என்று மேலே பார்த்தோம். வாங்கிய பொருளில் குறைபாடு என்ற அடிப்படையிலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. தயாரிப்பாளரின் வாரண்டி இருந்தால் அதுவும் தனியாக நிற்கிறது. ‘நான்-ரிட்டர்னபிள்’ என்று தளத்தில் எழுதியதால் பெட்டிக்குள் இருக்கும் வாரண்டி அட்டை செல்லாமல் போய்விடாது.

ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் பொருளை வைத்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதலாம். அப்படி ஏற்றுக்கொண்ட பிறகு, முழுப் பொருளையும் நிராகரிக்கும் வழி குறுகி, நட்ட ஈடு கேட்கும் வழியே மிஞ்சும். நாற்பது நாளில் விற்பவர் இன்னொன்றையும் கேட்பார்: வந்தபோதே பழுதா, வீட்டில் வைத்திருந்தபோது பழுதானதா? பீரோவில் பூட்டி வைத்த, ஒரு முறையும் பயன்படுத்தாத பொருளுக்கு இதற்குப் பதில் சொல்வது எளிது. கீறலோ கறையோ இல்லாத புனலும் பாட்டிலும் அந்த வீடியோவில் தெரிந்தாலே போதும். ஆனாலும் பேறுகாலத்துக்காக முன்கூட்டி வாங்கும் எந்தக் கருவியையும் வந்த அன்றே ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

இப்போது அந்தப் பெண் எழுத வேண்டும். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும். தளத்தின் செயலியிலேயே புகார் பதிய வேண்டும்; ஒவ்வொரு புகாருக்கும் தொடர்ந்து பார்க்கக்கூடிய ஓர் எண் தர வேண்டியது சந்தைத் தளங்களின் கடமை. அந்த எண்ணோடு குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் போகட்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் அவர் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடிதத்தில் ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லையே தவிர்ப்பது நல்லது. அந்தச் சொல் வந்தாலே புகார் ரிட்டர்ன் கொள்கைக்குள் போய் விழுகிறது. அங்கே பதில் தயாராகக் காத்திருக்கிறது. ‘பழுதான பொருள் வந்திருக்கிறது, அதை நிராகரிக்கிறேன், 3,499 ரூபாயையும் திருப்பித் தரவும்’ என்று எழுதினால் அது வேறு கேள்வியாகிவிடுகிறது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். இந்த மையம் தீர்ப்புச் சொல்லாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர முயலும், அவ்வளவுதான். ஆனால் வழக்குக்குப் போகாமலே பணம் திரும்பி வர இந்த இடத்தில் வாய்ப்பு அதிகம். நிறுவனத்துக்குள் இந்தப் புகார்களைப் பார்ப்பவர் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் அல்ல. அவர் இரண்டாவது வாக்கியத்தையும் படித்தவராக இருப்பார்.

அதுவும் பயன் தராவிட்டால் திருநெல்வேலியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். பெங்களூரில் இருக்கும் விற்பனையாளர் மேல் வழக்குப் போட அம்பாசமுத்திரத்திலிருந்து எங்கே போவது என்ற தடுமாற்றம் இருந்தது. புதிய சட்டம், வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்று மாற்றிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

யாரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். விற்பனையாளர், தளம், தயாரிப்பாளர் மூவரையும் சேர்ப்பதே பாதுகாப்பு. தளம் தன்னை இடைத்தரகர் என்று சொல்லி விலகப் பார்க்கும். அந்த வாதம் சில வழக்குகளில் வென்றும் இருக்கிறது, சிலவற்றில் தோற்றும் இருக்கிறது. விற்பனையாளரோ சில மாதங்களில் தளத்திலிருந்தே காணாமல் போகலாம். எனவே வாங்கிய அன்றே விற்பனையாளரின் பெயர், முகவரி இருக்கும் பக்கத்தைப் படமாகச் சேமித்து வைப்பது உதவும். அந்த விவரத்தைக் காட்ட வேண்டியதும் தளத்தின் கடமைதான்.

ஆணையம் பழுதை நீக்கித் தரச் சொல்லலாம், மாற்றுப் பொருள் தரச் சொல்லலாம், விலையை வட்டியோடு திருப்பித் தரச் சொல்லலாம், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் தனியே தொகை விதிக்கலாம். பழுதைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும் என்றால் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வுக்கு அனுப்பும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஓடாத மோட்டாருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை; அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் காட்டி, அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டை வாங்கி வைத்தாலே போதும். ஆய்வு தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கெடு தவறுவது வழக்கமாகவே இருக்கிறது. 3,499 ரூபாய்க்காகப் பல மாதம் காத்திருக்க எல்லோராலும் முடியாது. கைக்குழந்தை உள்ள தாயால் நிச்சயம் முடியாது. சட்டத்தில் உள்ள உரிமைக்கும் கையில் வந்து சேரும் பணத்துக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைத்தான் அந்த முத்திரை நம்பியிருக்கிறது.

ஜவுளிக் கடைப் பில்லில் உள்ள வரிக்கு வருவோம். அது புதிய சண்டை அல்ல. 1999-லேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, அந்த வாசகத்தை அச்சிடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாநிலங்களுக்கு எழுதியது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் அண்மை ஆண்டுகளில், இப்படி ஒரு வாசகத்தைப் பில்லில் போடுவதே சட்டத்துக்குப் புறம்பானது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருந்தும் தமிழ்நாட்டில் இன்று எந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்தாலும் அந்த வரி உள்ள பில் கிடைக்கும். கடைக்காரர்கள் பலர் அதைச் சட்டம் என்றே நம்புகிறார்கள். அச்சகத்தில் பழைய பில் புத்தகத்தைப் பார்த்துப் புதியதை அடிக்கிறார்கள்.

பழுதென்று ஒத்துக்கொண்ட பிறகும் சில கடைகளில் பணம் தருவதில்லை, கிரெடிட் நோட் தருகிறார்கள். சட்டத்தின் சொற்களில் அது போதாது. திரும்பத் தரச் சொல்வது கொடுத்த விலையை. அதே கடையில் வேறு புடவை எடுத்துக்கொள்ள வாங்கியவர் மனமுவந்து சம்மதித்தால் அது வேறு, வற்புறுத்த முடியாது.

முத்திரை உண்மையாகவே செல்லும் இடங்களும் இருக்கின்றன. குறையைச் சொல்லியே விற்ற பொருள் அதில் முதலாவது. ‘இதில் ஒரு இடத்தில் நூல் இழுத்திருக்கிறது, அதனால்தான் பாதி விலை’ என்று காட்டி விற்ற புடவையில் அந்த இழுத்த நூலைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் சொல்லாத வேறு கிழிசல் இருந்தால் அதற்கு இந்த விலக்கு இல்லை. கடையில் புடவையை விரித்துப் பார்த்து வாங்கியவர், அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையைப் பிறகு சொன்னால், சரக்கு விற்பனைச் சட்டம் அவருக்கு உதவாது. மறைவாக இருந்த குறைக்கு உதவும். முந்தானை மடிப்புக்குள் இருந்த சாயக் கறை இரண்டு வகையிலும் வாதிடக்கூடியது. இணையத்தில் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்கவே வாய்ப்பில்லை என்பதால் இந்த வாதம் அவர்மேல் ஏறாது.

தனி ஒருவரிடமிருந்து பழைய பொருள் வாங்குவது இன்னொரு இடம். பக்கத்துத் தெருக்காரர் தன் பழைய ஃபிரிட்ஜை விளம்பரம் போட்டு விற்றால் அவர் வணிகர் அல்ல. நுகர்வோர் ஆணையம் அங்கே பெரும்பாலும் கைகொடுக்காது. பொய் சொல்லி விற்றார் என்று காட்ட முடிந்தால்தான் வேறு வழி. மறுவிற்பனைக்காக மொத்தமாக வாங்கும் சிறு வியாபாரியும் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வரமாட்டார். ஆனால் தன் பிழைப்புக்காகத் தையல் மெஷின் வாங்கிய பெண் வருவார். அவருக்குச் சட்டத்திலேயே தனி விலக்கு இருக்கிறது.

பழுது ஆபத்தாகவும் இருக்கும்போது நிலைமை வேறு தளத்துக்குப் போகிறது. 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கட்டாயத் தரக் குறி இல்லாத பிரஷர் குக்கர்களைத் தன் தளத்தில் விற்க விட்டதற்காக அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அப்படி விற்ற 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, திரும்பப் பெற்று, பணத்தைத் தரும்படி உத்தரவிட்டது. அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்கள் தொடர்பாக இப்படி ஓர் உத்தரவு வந்தது. அந்தக் குக்கர்களில் சில ஒழுங்காகச் சமைத்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனாலும் சட்டம் கேட்கும் தரம் இல்லை என்பதாலேயே அவை குறைபாடுள்ளவை. ரிட்டர்ன் காலம் முடிந்ததா, பெட்டி பிரித்ததா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை.

அம்பாசமுத்திரத்துக் கதையில் ஒரு சிறிய விஷயம் மிச்சமிருக்கிறது: பம்ப் இப்போது எங்கே இருக்க வேண்டும்? கோபத்தில் குப்பையில் போட்டுவிடுவதும், பக்கத்துக் கடையில் கொடுத்துப் பிரித்துச் சரிசெய்யப் பார்ப்பதும் வழக்கை அங்கேயே முடித்துவிடும். விற்றவரின் முகவரிக்குச் சொந்தச் செலவில் கூரியர் அனுப்பவும் வேண்டியதில்லை. பொருளை ஏற்க மறுக்கும் உரிமை உள்ளவர் அதைத் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவர் அல்ல, மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும் என்று சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே மோட்டார், குழாய், வால்வ், புனல், வாரண்டி அட்டை எல்லாவற்றையும் அதே பெட்டியில் அடுக்கி, மின்னஞ்சலில் ‘பொருள் இங்கே இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்த்து, பெட்டியை மறுபடியும் பீரோவிலேயே வைத்துவிடலாம்.